வராத பணமும் கழிந்த கணக்கும்: கிளை மேலாளருக்கு எழுதும் கடிதம் பற்றி

ஏ.டி.எம்.மில் பணம் வராமலே கணக்கில் கழிந்துவிட்டால், "மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க" என்பார்கள். உடனே நம் கை பள்ளிக்கூடத்தில் பழகிய படிவத்துக்குப் போகிறது: அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா. அதன் கீழே மகளின் கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு, பல வருடமாக இதே கிளையில் கணக்கு வைத்திருக்கும் பெருமை எல்லாம் வரிசையாக வரும். கடைசியில், தாங்கள் கருணை கூர்ந்து தொகையைத் திருப்பித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பக்கம் எழுதியிருப்போம். பணத்தைத் தேடி எடுக்க வேண்டியவருக்குத் தேவையான ஒரு எண்கூட அதில் இருக்காது.

இந்தக் கடிதம் உண்மையில் யாருக்கு எழுதப்படுகிறது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெறுநர் இடத்தில் கிளை மேலாளர் இருக்கிறார், ஆனால் ஏ.டி.எம். புகாரில் அவர் முடிவெடுப்பவர் இல்லை. கடிதத்தைப் பார்த்து உங்கள் கணக்கில் ஐயாயிரம் ரூபாயை வரவு வைத்துவிட அவருக்கு வழி கிடையாது. கிளையில் இருக்கும் ஊழியர் உங்கள் விவரத்தை வங்கியின் புகார் தளத்தில் ஏற்றுவார், அது தலைமை அலுவலகத்தில் ஏ.டி.எம். கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவுக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருப்பவர் மும்பையிலோ ஐதராபாத்திலோ இருக்கலாம், தமிழ் தெரியாதவராக இருக்கலாம். அவருக்கு உங்கள் மகளின் கட்டணம் பற்றித் தெரியப்போவதில்லை. கிளை ஊழியர் தட்டச்சு செய்த தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவை மட்டுமே அவர் கண்ணில் படும். ஆகவே கடிதத்தை எழுதும்போது மேலாளரின் மனத்தை நினைத்து எழுதுவதைவிட, அந்த ஊழியரின் கை எதைத் தட்டச்சு செய்யப்போகிறது என்று நினைத்து எழுதுவது பயன் தரும்.

எந்த வகைத் தவறு?

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. "தவறாகக் கழிக்கப்பட்ட தொகை" என்ற ஒரே பெயரில் நாம் சொல்வது ஒரே பொருள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, கெடு வேறு, சில சமயம் பதில் சொல்ல வேண்டியவரும் வேறு.

வங்கி தானாகவே எடுத்த கட்டணம் ஒரு வகை. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடித்திருப்பார்கள். இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, ஒரு மாத அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகும் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம் என்பது 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. அந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு எதிர்மறை இருப்புக்குப் போய்விடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. இந்த வகையில் மட்டும் கிளை மேலாளருக்குப் பெரும்பாலும் ஓரளவு சொந்த அதிகாரம் உண்டு. நேரில் போய்ப் பேசினாலே முடியக்கூடிய காரியம் இது.

மே மாதக் கடைசியில் வரும் காப்பீட்டுக் கழிவு இன்னொரு வகை. பிரதமரின் ஆயுள் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரூ. 436, விபத்துக் காப்பீட்டுக்கு ரூ. 20. ஒருவர் ஒரு கணக்கின் வழியாக மட்டுமே இவற்றில் சேரலாம். இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவருக்கு இரண்டிலும் கழிந்திருந்தால், அல்லது கையெழுத்தே போடாதவருக்குக் கழிந்திருந்தால், கடிதத்தில் கேட்க வேண்டியது சேர்க்கைப் படிவத்தின் நகலை. படிவம் இல்லையென்றால் வங்கிக்குச் சொல்ல எதுவும் இல்லை.

கடன் முடிந்த பிறகும் போகும் தவணை, உங்களுக்குத் தெரியாமல் யாரோ திருடிய பணம், நீங்களே தவறான எண்ணுக்கு அனுப்பிவிட்ட பணம் என்று மற்றவையும் உண்டு. கடைசியில் சொன்னதில் வங்கி தவறு செய்யவில்லை. அங்கே "திருப்பித் தாருங்கள்" என்று மேலாளருக்கு எழுதிப் பயனில்லை, பணம் போய்ச் சேர்ந்தவரின் சம்மதம் வேண்டும். அவருடைய வங்கியைத் தொடர்புகொள்ளும்படி கேட்க மட்டுமே முடியும். திருட்டு என்றால் கதையே வேறு. அதற்கு 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கை வகுத்த விதிகள் இருக்கின்றன. வங்கியின் பக்கமும் உங்கள் பக்கமும் தவறில்லாமல் வேறு எங்கோ நேர்ந்த கசிவு என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. அங்கே மணிக்கணக்குகூட முக்கியம், அதனால் கடிதம் எழுத உட்காரும் முன் தொலைபேசியில் அட்டையை முடக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது: இயந்திரம் பணம் தரவில்லை, கணக்கு குறைந்துவிட்டது. எல்லோருக்கும் எப்போதாவது நேர்வது இது. விதி தெளிவாக இருந்தும் கடிதங்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

இயந்திரத்துக்குள் நடப்பது

உங்கள் வங்கியின் அட்டையை வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் செருகுகிறீர்கள். கேட்ட தொகை இயந்திரத்திலிருந்து அந்த வங்கிக்கும், அங்கிருந்து தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் பொது இணைப்பு வழியாக உங்கள் வங்கிக்கும் போகிறது. உங்கள் வங்கி இருப்பைப் பார்த்து, தொகையைக் கழித்துவிட்டு, "கொடுக்கலாம்" என்று பதில் அனுப்புகிறது. கவனிக்க வேண்டியது இந்த வரிசை. கணக்கில் கழிவது முதலில், நோட்டு வெளியே வருவது பிறகு. இரண்டுக்கும் நடுவே சில நொடிகள் இருக்கின்றன, தவறு நேர்வதெல்லாம் அந்தச் சில நொடிகளில்தான்.

சில சமயம் பதில் திரும்பி வரும் வழியில் தொடர்பு அறுந்துவிடும். சில சமயம் பதில் வந்து, இயந்திரம் நோட்டுகளை எண்ணத் தொடங்கி, இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு வந்ததாலோ கசங்கிய நோட்டு சிக்கியதாலோ நின்றுவிடும். எண்ணிய நோட்டுகளை அது உள்ளேயே இருக்கும் தனிப் பெட்டியில் தள்ளிவிடும். அந்தப் பெட்டி கழிவு நோட்டுகளுக்கானது. அங்கே விழுந்த பணம் யாருக்கும் போகாது, பணம் நிரப்ப வருபவர்கள் திறந்து எண்ணும்வரை அப்படியே கிடக்கும். கொடுக்க முடியவில்லை என்றால் கழித்ததைத் திரும்ப வைக்கச் சொல்லி இயந்திரம் ஒரு செய்தி அனுப்பும். பெரும்பாலான நேரம் அது போய்ச் சேர்ந்து, நீங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பணம் கணக்கில் திரும்பியிருக்கும். அந்தச் செய்தி போகாத அன்றுதான் கடிதம் எழுதும் தேவை வருகிறது.

ஆனால் தடயம் எங்கும் அழிவதில்லை. இயந்திரம் ஒவ்வொரு அசைவையும் தன் மின்பதிவில் எழுதிக்கொண்டே போகிறது: அட்டை உள்ளே வந்த நேரம், கேட்ட தொகை, வந்த பதில், எந்தப் பெட்டியிலிருந்து எத்தனை நோட்டு எடுத்தது, அவை வெளியே போயினவா உள்ளே தள்ளப்பட்டனவா. வங்கிக்காரர்கள் இதை 'ஈ.ஜே.' என்பார்கள். இது ஒரு சாட்சி. நடுவே இருக்கும் பொது இணைப்பின் கணக்கு இன்னொரு சாட்சி. மூன்றாவது சாட்சி ரொக்கம். பணம் நிரப்புபவர்கள் எண்ணும்போது கணக்கைவிட ரூ. 5,000 கூடுதலாக இருந்தால், யாருக்கோ போக வேண்டிய ஐயாயிரம் உள்ளே இருக்கிறது என்று பொருள். ஒப்பீட்டுப் பிரிவின் வேலை இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். உங்கள் கடிதம் அவர்களிடம் சொல்ல வேண்டியது, எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதை.

ஐந்து நாள், நூறு ரூபாய்

2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. நிறைவேறாமல் போன பரிவர்த்தனைகளுக்கு, வகைக்கு ஒரு கெடுவும் தாண்டினால் இழப்பீடும் அதில் வகுக்கப்பட்டன. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்திருந்தால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திரும்ப வைக்க வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய். யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் ஏறவில்லை என்றால் கெடு ஒரே நாள். கடையில் கொடுத்தது கடைக்குப் போகவில்லை என்றால் மறுபடி ஐந்து நாள்.

இந்தச் சுற்றறிக்கையில் கடிதம் எழுதுபவர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நாள் என்பது நாட்காட்டி நாள். ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேரும். இரண்டு, வாடிக்கையாளர் புகார் கொடுப்பதற்காகக் காத்திருக்காமல் வங்கி தானே தொகையையும் இழப்பீட்டையும் வைக்க வேண்டும். அதற்கு முன் 2011-இல் வந்த விதியின்படி கெடு 7 வேலை நாள், 30 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குத்தான் இழப்பீடு. அந்தப் பழைய முப்பது நாள் கணக்கை இன்றும் எங்காவது ஒரு கவுண்டரில் சொல்லக் கேட்கலாம். அதற்காகத்தான் கடிதத்தில் 2019 என்ற ஆண்டை எழுத வேண்டியிருக்கிறது.

எல்லையும் உண்டு. விதி உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும். தவறு வாடிக்கையாளருடையதாக இருக்கக் கூடாது. இயந்திரத்திலிருந்து வெளியே நீட்டிய நோட்டுகளை மறந்து வந்துவிட்டு, பின்னால் நின்றவர் எடுத்துக்கொண்டார் என்றால் அது நிறைவேறிய பரிவர்த்தனை.

ஒரு வழக்கு

ஒரு கற்பனை வாடிக்கையாளரை எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை மாலை 6.42-க்குப் பேருந்து நிலையத்தில் உள்ள வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் ரூ. 5,000 கேட்கிறார். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கேட்கிறது, பிறகு நிற்கிறது. திரையில் பணம் தர இயலவில்லை என்று வருகிறது. ரசீது வரவில்லை. கைபேசியில் மட்டும் ஐயாயிரம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி. அவசரம் என்பதால் பக்கத்து இயந்திரத்துக்குப் போகிறார். 6.51-க்கு அங்கே அதே ஐயாயிரம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

எல்லோரும் செய்வதுதான் இது, ஆனால் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. பாஸ்புக்கில் இப்போது ஒரே தேதியில், ஒரே தொகையில், 'ATM WDL' என்று தொடங்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று வந்த பணம், ஒன்று வராத பணம். "4-ஆம் தேதி ஐயாயிரம் எடுத்தேன், வரவில்லை" என்று மட்டும் எழுதினால், தேடுபவர் எந்த வரியை எடுப்பார் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

பிரிப்பது பரிவர்த்தனைக் குறிப்பு எண். ரசீதில் அல்லது கணக்கு அறிக்கையில் 12 இலக்கத்தில் இருக்கும், வங்கியில் ஆர்.ஆர்.என். என்பார்கள். பெரும்பாலும் அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். மார்ச் 4 என்றால் 63-ஆவது நாள், ஆகவே 5063 என்று தொடங்கும். நம் வாடிக்கையாளரின் இரண்டு வரிகளுக்கும் தொடக்கம் ஒன்றாகவே இருக்கும், வித்தியாசம் பின்பக்கத்தில். வராத பணத்தின் எண் 4417 என்று முடிகிறது, வந்ததன் எண் 5093 என்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ரசீது வராதவர் கிளையிலேயே அறிக்கை வாங்கிப் பார்க்கலாம்.

ஐந்து நாள் மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. பணம் வரவில்லை. 17-ஆம் தேதி அவர் எழுதுகிறார்:

> அனுப்புநர்
> (பெயர், முகவரி, வங்கியில் பதிவான கைபேசி எண்)
>
> பெறுநர்
> கிளை மேலாளர், (வங்கி, கிளை)
>
> நாள்: 17.03.2025
>
> பொருள்: ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்த ரூ. 5,000-ஐத் திரும்ப வரவு வைத்தல், தாமத இழப்பீடு – சேமிப்புக் கணக்கு எண் (முழுமையாக)
>
> ஐயா,
>
> 04.03.2025 மாலை 6.42 மணிக்கு (ஊர்) பேருந்து நிலையத்தில் உள்ள (வங்கி) ஏ.டி.எம்.மில் (இயந்திர எண்) ரூ. 5,000 எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை. தொகை என் கணக்கில் கழிந்துள்ளது. பரிவர்த்தனைக் குறிப்பு எண்: 5063…4417. அட்டையின் கடைசி நான்கு இலக்கம்: ….
>
> அன்று மாலை 6.51-க்கு வேறு இயந்திரத்தில் நான் எடுத்த ரூ. 5,000 (குறிப்பு எண் 5063…5093) முறையாகக் கிடைத்தது. அது பற்றி எனக்குப் புகார் இல்லை.
>
> ரிசர்வ் வங்கியின் 20.09.2019 தேதிய சுற்றறிக்கையின்படி இத்தொகை 09.03.2025-க்குள் திரும்ப வைக்கப்பட்டிருக்க வேண்டும். இன்றுவரை வைக்கப்படவில்லை. ரூ. 5,000-ஐயும், 10.03.2025 முதல் தொகை வரவு வைக்கப்படும் நாள்வரை நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீட்டையும் என் கணக்கில் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> பரிவர்த்தனை நிறைவேறியதாக ஏ.டி.எம். வங்கி கூறினால், 4417 என முடியும் எண்ணுக்குரிய மின்பதிவின் நகலையும், அந்த இயந்திரத்தில் அடுத்து ரொக்கம் எண்ணப்பட்டபோது கூடுதல் இருந்ததா என்ற விவரத்தையும் தர வேண்டுகிறேன். 04.03.2025 மாலை 6.35 முதல் 6.50 வரையிலான கேமராப் பதிவை அழியாமல் வைக்குமாறு அந்த வங்கிக்குத் தெரிவிக்கவும்.
>
> புகார் எண்ணைத் தெரிவிக்கவும். இணைப்பு: பாஸ்புக் பக்க நகல், குறுஞ்செய்தியின் படம்.
>
> (கையொப்பம்)

இதில் கவனிக்க வேண்டிய பத்தி இரண்டாவது. வந்த பணத்தைப் பற்றிப் புகார் இல்லை என்று தானாகவே சொல்வது நேர்மைக்காக மட்டும் இல்லை, தேடுபவர் தவறான வரியில் போய் நிற்காமல் தடுப்பதற்காகவும். நான்காவது பத்தி இன்னும் வராத பதிலுக்கு முன்கூட்டியே எழுதிய பதில். கேமராப் பதிவுகள் காலவரையின்றி வைக்கப்படுவதில்லை, அதனால் முதல் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும். பின் எண்ணும் ஓ.டி.பி.யும் எந்தக் கடிதத்திலும் வரக் கூடாது, அட்டை எண்ணும் முழுமையாக வேண்டாம்.

கடிதம் தமிழில் இருக்கலாம். எண்களும் தேதிகளும் மட்டும் ஒரே பத்தியில் சேர்ந்து இருக்கட்டும், தட்டச்சு செய்பவர் தேட வேண்டியிருக்காது. சிலர் ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று கூகுளில் கிடைத்த மாதிரியைப் படியெடுக்கிறார்கள். அதில் வேறு யாருடைய தேதியோ அப்படியே இருந்துவிடுவதும் உண்டு.

இன்னொரு தடுமாற்றம், கடிதம் போகும் முகவரி. பணம் தராத இயந்திரத்தின் வங்கிக்குப் போய் நிற்பவர்கள் அதிகம். அங்கே உங்களுக்குக் கணக்கு இல்லை, அவர்கள் உங்களை உங்கள் வங்கிக்கே அனுப்புவார்கள். புகார் அட்டை கொடுத்த வங்கியிடம்தான். அந்த இரண்டு வங்கிகளும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது அவர்கள் பாடு.

நகலில் கிளை முத்திரை, தேதி, கையெழுத்து வாங்க வேண்டும். தர மறுத்தால் சண்டை போட வேண்டாம், ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பிவிட்டு வங்கியின் மின்னஞ்சலுக்கும் ஒரு படி அனுப்பினால் போதும். புகார் கொடுத்த தேதிக்குச் சான்று வேண்டியிருப்பது ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

"பரிவர்த்தனை நிறைவேறியது"

21-ஆம் தேதி பதில் வருகிறது. ஏ.டி.எம். வங்கி சரிபார்த்ததில் பரிவர்த்தனை வெற்றிகரமாக நிறைவேறியிருக்கிறது, ஆகவே புகார் முடித்துவைக்கப்படுகிறது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். இயந்திரமே சொல்லிவிட்டது, இனி யாரிடம் வாதாடுவது என்ற சோர்வு.

நம் வாடிக்கையாளர் பதிலில் உள்ள குறிப்பு எண்ணைப் பார்க்கிறார். 5093. அவர்கள் தேடியது வந்த பணத்தை. கடிதத்தில் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் புகார் தளத்தில் ஏற்றியவர் பாஸ்புக் நகலைப் பார்த்து இரண்டாவது வரியின் எண்ணை அடித்துவிட்டார். 22-ஆம் தேதி நான்காவது சனி, வங்கி விடுமுறை. 24-ஆம் தேதி மூன்று வரியில் இரண்டாவது கடிதம்: தாங்கள் சரிபார்த்தது 5093, என் புகார் 4417, முதல் கடிதத்தின் நகல் இணைப்பு, புகாரை மறுபடி திறக்கவும்.

பதிலில் எண் சரியாகவே இருந்து, அப்போதும் நிறைவேறியது என்றால்? அப்போது அந்த முடிவு எதை வைத்து என்று பார்க்க வேண்டும். மின்பதிவில் வெற்றி என்பதற்குரிய குறியீடு இருப்பது உங்கள் வங்கி அனுமதி கொடுத்தது என்பதற்குச் சான்றாகலாம், நோட்டு உங்கள் கைக்கு வந்தது என்பதற்குத் தனியாக அது போதாது. அதே பதிவில் நோட்டு எடுக்கப்பட்டதும் வெளியே போனதும் பற்றிய வரிகள் இருக்கும், அவற்றுக்கு நடுவே பிழை வரி ஏதாவது இருந்தால் அங்கேதான் கதை. ரொக்கக் கணக்கில் கூடுதல் காட்டியிருந்தால் வாதமே வேண்டாம். மூன்றும் உங்களுக்கு எதிராக இருந்தால், கேமராவில் நீங்கள் நோட்டை எண்ணிப் பையில் வைப்பது தெரிந்தால், கடிதத்தின் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. அப்படியும் சில வழக்குகள் இருக்கத்தான் செய்யும். வயதானவர் அட்டையை வீட்டில் வேறொருவர் கொண்டுபோயிருப்பார்.

கிளைக்கு மேலே

வங்கி மறுத்துவிட்டாலோ, தந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, 30 நாளாகியும் பதிலே இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் வங்கி, நிதி நிறுவனம், பணப் பரிமாற்றச் செயலி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே திட்டமாக இது இயங்குகிறது. `cms.rbi.org.in` என்ற தளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். நகலில் முத்திரை வாங்கச் சொன்னது இதற்குத்தான். முப்பது நாள் எந்தத் தேதியிலிருந்து என்பதற்கு அந்த முத்திரையைத் தவிர வேறு சாட்சி பலரிடம் இருப்பதில்லை. கிளையில் வாயால் சொல்லிவிட்டு வந்தவர், நேராக ஒம்புட்ஸ்மேனுக்கு எழுதினால் புகார் ஏற்கப்படாமல் திரும்பி வரும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போகலாம். ஐயாயிரம் ரூபாய்க்கு அங்கே போவது என் கணக்கில் வீண் அலைச்சல், ஒம்புட்ஸ்மேன் முடியாது என்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் வழக்கில் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. சரியான எண்ணை வைத்துத் தேடியதும் ஏ.டி.எம். வங்கி ஒப்புக்கொண்டுவிட்டது, அவர்களுடைய ரொக்கத்தில் ஐயாயிரம் கூடுதலாகக் கிடந்திருக்கிறது. மார்ச் 27 அன்று ரூ. 5,000 கணக்கில் ஏறுகிறது. இழப்பீடு ஏறவில்லை. 10-ஆம் தேதி முதல் 27 வரை 18 நாள், ரூ. 1,800. தானாகவே வைக்க வேண்டிய தொகைதான். ஆனால் அசல் வந்ததும் புகார் தளத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிடுவார்கள், வாடிக்கையாளரும் பணம் வந்த நிம்மதியில் பாஸ்புக்கை மூடிவிடுவார். மூன்றாவது கடிதம் இதற்கு மட்டும்: கழிந்த தேதி, திரும்ப வந்த தேதி, நாள் கணக்கு, தொகை. கிளை ஊழியரின் எழுத்துப் பிழையால் ஏற்பட்ட தாமதமும் வாடிக்கையாளரின் கணக்கில் சேராது, விதி அதை விலக்கவில்லை.

வரவு விழுந்த வரியையும் ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது. விசாரணை முடியும்வரை தற்காலிகமாக வைத்த வரவாக அது இருக்கலாம். இரண்டு வங்கிகளுக்கு இடையே இந்தப் பணத்துக்கு ஒரு கோரிக்கை–மறுப்புச் சங்கிலி ஓடும்: உங்கள் வங்கி கேட்கும், ஏ.டி.எம். வங்கி ஆதாரம் காட்டி மறுக்கலாம், மறுத்தால் உங்கள் கணக்கில் வைத்த தொகை சில வாரம் கழித்து மறுபடி கழிக்கப்படும். அப்போது வரும் குறுஞ்செய்தி பலருக்கு இரண்டாவது திருட்டாகத் தோன்றுகிறது. அது திருட்டு இல்லை, முன்பு சொன்ன மறுப்பு வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. அதற்கும் அதே பழைய கேள்விகளைத்தான் எழுத்தில் கேட்க வேண்டும்: எந்த எண்ணைச் சரிபார்த்தீர்கள், மின்பதிவு எங்கே, ரொக்கம் எண்ணியபோது என்ன இருந்தது.